மக்கானாவும் கொட்டை ஒவ்வாமையும்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 6 வயதுங்க. முந்திரி தின்றால் உதடு வீங்கிவிடும். மக்கானா கொடுக்கலாமுங்களா மேடம்?

மக்கானா மரக்கொட்டை வகையைச் சேர்ந்ததல்ல. பீகாரில் தர்பங்கா, மதுபனி பக்கத்துக் குளங்களில் வளரும், இலையெல்லாம் முள்ளாக இருக்கும் ஓர் அல்லிக் குடும்பச் செடியின் விதையை வறுத்துத் தட்டிப் பொரிப்பதுதான் மக்கானா. தாமரை விதை என்ற பெயரில் விற்றாலும் தாமரைச் செடி வேறு குடும்பம். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டும் மாமரக் குடும்பத்தில் பிறந்தவை என்பதால் அவற்றின் புரதங்கள் மிகவும் ஒத்திருக்கின்றன. மக்கானாவுக்கு முந்திரியோடு அத்தகைய நெருக்கம் கிடையாது. எனவே முந்திரி ஒவ்வாமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்து அதை விலக்க வேண்டியதில்லை. ஆனாலும் பையனுக்கு ஏற்கெனவே உதடு வீங்கியிருப்பதால், முதல் முறை கொடுக்கும் முன் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: விதைதானே, கொட்டை இல்லையே. அப்படியானால் ஒவ்வாமை உள்ள யாருக்கும் பயமில்லை என்று சொல்லிவிடலாமே?

முதல் பாதி சரி, முடிவு சரியில்லை. தாவரவியல்படி முந்திரிப் பருப்பும் விதைதான். நிலக்கடலையோ அவரை, துவரையோடு சேர்ந்த இனம். எள்ளை யாரும் கொட்டை என்று சொல்வதில்லை, ஆனால் எள்ளால் மூச்சுத் திணறும் அளவுக்குப் பாதிக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். உடல் எதிர்ப்பது புரதத்தைத்தான். மக்கானாவிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு. ஆகவே அரிதாக ஒருவருக்கு மக்கானாவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது கொட்டை ஒவ்வாமையின் நீட்சியாக இல்லாமல் தனி ஒவ்வாமையாகவே இருக்கக்கூடும்.

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. வீட்டில் நெய்யில் வறுத்த மக்கானாவைப் பலமுறை தின்றிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. கடையில் வாங்கிய மசாலா மக்கானா தின்ற அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. எதை நம்புவது?

நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. வீட்டு மக்கானா ஒத்துக்கொண்டதால், சந்தேகம் முதலில் கூடச் சேர்ந்தவற்றின் மீதுதான் விழ வேண்டும். நம் பக்கத்தில் பலகாரத்துக்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயையே பலரும் விரும்புகிறார்கள். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது; செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கிவிடும். ஆகவே முதலில் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். அடுத்து மசாலாவில் கடலைப் பொடியோ முந்திரிப் பொடியோ உண்டா, மிக்சர் கடலையை வறுத்த அதே வாணலியில் வறுத்தார்களா, உதிரியாக வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே கரண்டியால் அள்ளினார்களா என்று பாருங்கள்.

மிச்சத்தைத் தூக்கி எறியாமல், உறையோடு ஒவ்வாமை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வெறும் மக்கானாவையும் அந்த மசாலாவையும் தனித்தனியாகத் தோலில் குத்திப் பார்க்க அவரால் முடியும். அதையே மறுபடி வீட்டில் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். தடிப்போடு தொடர் வாந்தி, குரல் கம்மல், மூச்சிரைப்பு என ஏதேனும் சேர்ந்தால் ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர்: எனக்கும் கடலை தின்றால் வயிறு உப்பிக்கொள்கிறது. நானும் மக்கானாவுக்கு மாறிவிடட்டுமா?

உப்புசம் மட்டும் என்றால் அது பெரும்பாலும் செரிமானப் பிரச்சினை ஐயா, இங்கே பேசும் ஒவ்வாமை அல்ல. மாறுவதில் தடையில்லை. தொண்டை அரிப்போ தடிப்போ கூட வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காங்கயத்தில் பலகாரக் கடை வைத்திருப்பவர்: கடலை வறுத்த வாணலியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மக்கானா போடுகிறோம். அது போதாதுங்களா?

போதாது. துடைத்த வாணலியில் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுப்பு ஒட்டும். கடலைப் புரதம் இருப்பது அந்தப் படலத்தில்தான். சூட்டிலும் அது முழுவதுமாக அழிவதில்லை, வறுத்த கடலைக்கு வீரியம் கூடுவதும் உண்டு. மக்கானாவுக்குத் தனி வாணலியும் தனிச் சல்லடையும் வைப்பதே நல்லது. முடியாவிட்டால் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகு, காலையில் முதல் வறுவலாக மக்கானாவைப் போடலாம். அப்படிச் செய்தாலும், கடலையும் முந்திரியும் புழங்கும் இடத்தில் செய்தது என்று உறையில் அச்சிடுங்கள். எவ்வளவு சிறிய துணுக்கு யாரைப் பாதிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், அந்த வரியைப் படித்த பிறகு வாங்குவதா விடுவதா என்பதை அந்தந்தக் குடும்பமும் அவர்களுடைய மருத்துவருமே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.