பிபி சரியாக இருந்தும் இதயச் சுவர் தடிப்பது ஏன்?

"அப்பாவுக்கு 54 வயது. எக்கோவில் இடது கீழறைச் சுவர் 13 மி.மீ. என்று வந்திருக்கிறது. பிபி 134/84 தான். இதை எப்படி நெடுநாள் ரத்த அழுத்தம் என்கிறார்கள்?"

பிபி கருவி அந்த நிமிடத்தின் அழுத்தத்தை மட்டுமே காட்டும். சுவரோ பல மாதங்கள், ஆண்டுகளின் சுமையைக் காட்டுகிறது. ஆண்களுக்கு அந்தச் சுவரின் தடிமன் சுமார் 10 மி.மீ. வரை இருந்தால் இயல்பு. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, பளு தூக்குபவரின் புஜம்போலத் தசைநார்கள் பருக்கின்றன. ஆனால் இந்தப் பருமன் பலமல்ல. சுவர் விறைத்து, அறை தளர்ந்து நிரம்பச் சிரமப்படுகிறது. பின்னாலுள்ள இடது மேலறையும் விரிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். சிக்கல் நிரம்புவதில் என்பதால், சுருங்கும் திறன் இயல்பான 60 சதவீதம் என்று அறிக்கையில் இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

சிலருக்கு மருத்துவர் முன் அளவு சரியாக இருக்கும். வீட்டிலும் உறக்கத்திலும் ஏறும். ஆகவே 24 மணி நேர பிபி பதிவைக் கேளுங்கள். பெருந்தமனி வால்வு சுருக்கமும் மரபுவழித் தசைநோயும் சுவரைத் தடிக்க வைக்கும். பின்னதில் பெரும்பாலும் நடுச்சுவர் மட்டும் அதிகம் தடித்திருக்கும். அழுத்தம்தான் காரணம் என்றால், தொடர்ந்து மருந்து எடுக்கையில் தடிப்பு மெல்லக் குறையக்கூடும். ஒரு மி.மீ. வேறுபாடு அளப்பவரைப் பொறுத்தும் வரும் என்பதால் மாதந்தோறும் எக்கோ எடுப்பது வீண்செலவு.