3 சதவீத ஆல்ஃபாவில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: ஒரு லார்ஜ்கேப் ஃபண்ட் கடந்த 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 சதவீதம் தந்திருக்கிறது, நிஃப்டி 50 தந்தது 12 சதவீதம்தான், ஆகவே ஆல்ஃபா 3 சதவீதம் என்கிறார் விநியோகஸ்தர். மகள் படிப்புக்காக 12 ஆண்டுகளுக்கு இதில் எஸ்ஐபி போடலாமா? இந்த 3 சதவீதம் தொடருமா?

பதில்: அந்த 3 சதவீதம் முதலில் ஆல்ஃபாதானா, அதாவது மேலாளரின் திறமையால் கிடைத்த கூடுதல் வருவாய்தானா, என்று பார்த்துவிடுவோம். அவர் காட்டிய 12 சதவீதம் பங்கு விலைகளின் ஏற்றத்தை மட்டும் சொல்லும் நிஃப்டி என்றே தெரிகிறது. நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகை அதில் சேராது. ஆனால் ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவியில் சேர்ந்துவிடுகிறது. ஈவுத்தொகையை ஆண்டுக்குச் சுமார் 1.3 சதவீதம் என்று கொண்டால், சரியான ஒப்பீடு 13.3 சதவீதமாகும். இந்த மயக்கத்தைத் தவிர்ப்பதற்காகத்தான், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீட்டுடனேயே, அதாவது டிஆர்ஐயுடனேயே, ஃபண்டுகள் தம்மை ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியது. ஆக, வித்தியாசம் 1.7 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது பீட்டா. சந்தை 10 சதவீதம் ஏறும்போது சராசரியாக 11 சதவீதம் ஏறி, இறங்கும்போது அதே அளவில் கூடுதலாக இறங்கும் ஃபண்டின் பீட்டா 1.1. ஏறுமுகமான 5 ஆண்டுகளில் அந்தக் கூடுதல் ஏற்றம் கூடுதல் அபாயத்துக்குக் கிடைத்த கூலியே தவிர, பங்குகளைத் தேர்ந்தெடுத்த திறமைக்குக் கிடைத்தது அன்று. உங்கள் ஃபண்டின் பீட்டாவும் 1.1, அபாயமற்ற வருவாய் 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சந்தை அதற்கு மேல் தந்தது 6.8, அதை 1.1 ஆல் பெருக்கி 6.5ஐக் கூட்டினால் ஏறத்தாழ 14 சதவீதம் வரும். மிஞ்சுவது 1 சதவீதம். மைக்கேல் ஜென்சன் 1968இல் வகுத்த அளவுகோல் இதுதான். அமெரிக்காவின் 115 ஃபண்டுகளை இந்த அளவுகோலால் அவர் அளந்தபோது, சராசரியாக அவற்றால் சந்தையை வெல்ல முடியவில்லை என்றே தெரிந்தது.

இந்த 1 சதவீதத்தையும் உடனே நம்பிவிட முடியாது. லார்ஜ்கேப் ஃபண்டுகள் குறைந்தது 80 சதவீதத்தை முதல் 100 நிறுவனங்களில் வைக்க வேண்டும். மீதியை மிட்கேப், ஸ்மால்கேப் பங்குகளிலும் போடலாம். அந்தப் பங்குகள் ஓடிய ஆண்டுகளில் கிடைத்த லாபம் நிஃப்டியுடன் ஒப்பிடும்போது திறமை போலத் தோன்றும். அவை சரியும் ஆண்டில் அதே பகுதி ஃபண்டைக் கீழே இழுக்கும்.

அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குறியீட்டிலிருந்து ஃபண்டின் வருவாய் ஆண்டுதோறும் 5 சதவீத அளவுக்கு மேலும் கீழும் விலகுவது இயல்பு என்று வைத்துக்கொண்டால், சராசரியாகக் கிடைக்கும் 1 சதவீதம் தற்செயலானது அல்ல என்று வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையுடன் சொல்ல ஏறத்தாழ 100 ஆண்டுத் தரவு வேண்டும். உங்களிடம் இருப்பது 5 ஆண்டு.

உண்மையான திறமையே இருந்தாலும் அது ஏன் தேய்கிறது? சந்தையில் ஒருவர் சராசரியைவிட மிகுதியாகப் பெற்றால் வேறொருவர் குறைவாகப் பெற்றாக வேண்டும். செலவைக் கழித்த பிறகு, சந்தையை வெல்ல முயல்வோர் அனைவரின் சராசரி சந்தைக்குக் கீழேதான் நிற்கும். தகவல் அறிந்த நிறுவனங்களே எதிரெதிராக வாங்கி விற்கும் பெரிய பங்குகளில் தோற்கும் ஆளைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நல்ல பெயர் வந்தவுடன் பணம் குவிகிறது. சில நூறு கோடியுடன் சிறிய பங்கில் சத்தமில்லாமல் நுழைந்த மேலாளர், பல்லாயிரம் கோடியுடன் நுழையும்போது அவர் வாங்குவதே விலையை ஏற்றிவிடுகிறது.

அமெரிக்காவில் பில் மில்லர் நிர்வகித்த லெக் மேசன் வேல்யூ டிரஸ்ட் 1991 முதல் 2005 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து எஸ்&பி 500ஐ மிஞ்சியது; அப்படி ஒரு சாதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடுத்த 3 ஆண்டுகளும் அது பின்தங்கியது. 2008இல் எஸ்&பி 500 சுமார் 37 சதவீதம் இழந்தபோது இந்த ஃபண்ட் சுமார் 55 சதவீதம் இழந்தது. விழுந்த பங்குகளைத் துணிந்து வாங்கும் அதே வழக்கம், அந்த ஆண்டு அவரை நிதி நிறுவனப் பங்குகளில் சிக்க வைத்தது. புகழ் உச்சத்தில் இருந்தபோது பணம் போட்டவர்களுக்கு முந்தைய 15 ஆண்டு லாபத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்தில் அவருடைய கமிஷன் ஒவ்வோர் ஆண்டும் கழிகிறது; அது 1 சதவீதத்தை நெருங்கினால், நாம் கண்ட ஆல்ஃபா முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே 12 ஆண்டு எஸ்ஐபியின் பெரும்பகுதியை நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டின் நேரடித் திட்டத்தில் போடுங்கள். இந்த ஃபண்டும் வேண்டும் என்று தோன்றினால், விநியோகஸ்தரிடம் டிஆர்ஐயுடன் ஒப்பிட்ட 3 ஆண்டு ரோலிங் வருவாயை, அதாவது வெவ்வேறு நாட்களில் தொடங்கும் பல 3 ஆண்டுக் காலங்களின் வருவாயை, கேளுங்கள். அந்த 5 ஆண்டுகளும் இதே மேலாளர்தான் இருந்தாரா, அன்றைக்கு ஃபண்டின் அளவு என்ன, இன்றைக்கு என்ன என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.