வீட்டுக் கேக்கின் விலையை உயர்த்தும்போது பழைய வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: நான் கல்முனையில் மூன்று வருடமாக வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். சாமான்களின் விலை ஏறிவிட்டது, கட்டவில்லை. விலையைக் கூட்டினால் பழைய ஆட்கள் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அவர்களிடம் எப்படி, எப்போது சொல்வது?

பதில்:

நான் மட்டக்களப்பில், கல்லடியில், இதே தொழிலைச் செய்கிறேன். இரண்டு தடவை விலையைக் கூட்டியிருக்கிறேன். முதல் தடவை பிழையாகச் செய்தேன். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடும் மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது, முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் ஐம்பது, நூறு என்று சில வாரங்களுக்குள் மூன்று முறை கூட்டினேன். நாட்டு நிலைமை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு ஓடர் தருவதற்கு முன்பு எல்லோரும் "இந்தக் கிழமை என்ன விலை?" என்று கேட்கத் தொடங்கினார்கள். விலை கூடியதைவிட அது எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

ஆகவே இரண்டாம் தடவை ஒருவரிடமும் வாய் திறப்பதற்கு முன்பு கணக்கை எழுதினேன். ஐசிங் இல்லாத ஒரு கிலோ பட்டர் கேக்கை 1,800 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். அந்த விலையை வைத்த காலத்தில் அதற்கு 1,320 ரூபாய் செலவாகி, என் உழைப்புக்கு 480 ரூபாய் மிஞ்சியது. பிறகு பட்டரில் 200, முட்டையில் 50, பெட்டி, காஸ், சீனி எல்லாவற்றிலும் சேர்த்து இன்னொரு 50 என்று செலவு 1,620 ஆகிவிட்டது. மிஞ்சியது 180 ரூபாய். மாதம் 40 கேக் செய்தாலும் 7,200 ரூபாய்தான் கைக்கு வரும். விலையை 2,100 ஆக்கினால் பழையபடி 480 கிடைக்கும், அப்படியானால் 15 கேக் விற்றாலே அதே 7,200 வந்துவிடும். நாற்பதில் இருபத்தைந்தை இழந்தாலும் நான் நட்டப்படப் போவதில்லை என்பதைக் கடதாசியில் பார்த்த பிறகே பயம் தெளிந்தது. உங்களுடைய எண்கள் வேறாக இருக்கும், இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அறிவிக்க வேண்டாம், ஏனென்றால் பயத்தோடு எழுதும் செய்தி மன்னிப்புக் கடிதம் போலாகி, பேரம் பேசுவதற்குத் தானாகவே வழி திறந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செலவு கூடிய அதே 300 ரூபாயைத்தான் நான் கூட்டினேன். அதனால் "என் கூலியை நான் கூட்டவில்லை" என்று யாரிடமும் கண் பார்த்துச் சொல்ல முடிந்தது.

திகதியைத் தெரிவு செய்வதில் அவசரப்பட வேண்டாம். தீபாவளி, நத்தார், சித்திரை வருடப் பிறப்பு, இரண்டு பெருநாள்கள் ஆகியவற்றுக்குச் சற்று முன்பு கூட்டினால், தேவை அதிகமான நேரம் பார்த்து ஏற்றிவிட்டார்கள் என்ற பேச்சு வரும். பெருநாள்கள் ஆண்டுதோறும் முன்னே நகர்வதால், கல்முனையில் இருக்கும் நீங்கள் கலண்டரை என்னைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும். நான் செப்டம்பர் 1ஐத் தேர்ந்து, மூன்று வாரத்துக்கு முன்பு, ஓகஸ்ட் 10இல் இதை அனுப்பினேன்:

"வணக்கம். செப்டம்பர் 1 முதல் ஒரு கிலோ பட்டர் கேக்கின் விலை 2,100 ரூபாய். பட்டரும் முட்டையும் விலை ஏறியதே காரணம். கேக்கின் நிறையும் சாமானும் பழையபடியே இருக்கும். ஓகஸ்ட் 31 வரை எடுக்கும் கேக்குகளுக்கும், இன்றைக்கு முன்பு முற்பணம் கட்டிய எல்லா ஓடர்களுக்கும் பழைய விலை. அரைக் கிலோ கேக் 1,100 ரூபாய்க்குக் கிடைக்கும்."

இதில் "எடுக்கும்" என்ற சொல் முக்கியமானது. பழைய விலை ஓடர் தரும் நாளுக்கு உரியது என்று எழுதினால், மார்கழியில் வரும் பிறந்தநாளுக்கும் ஓகஸ்ட் 30இல் ஓடர் தந்து வைப்பார்கள். முற்பணம் கட்டியவர்களின் கதை வேறு. ஒரு கலியாண வீட்டுக்காரர் எட்டுக் கிலோவுக்கு ஏற்கெனவே காசு கட்டியிருந்தார், எடுக்கும் நாளோ செப்டம்பர் நடுவில். அதில் எனக்கு 2,400 ரூபாய் குறைந்தது. கொடுத்த வாக்கு என்பதால் அதைப் பற்றி அவரிடம் மூச்சும் விடவில்லை. அரைக் கிலோவின் விலை சரிபாதியாக இல்லாததற்குக் காரணம், பெட்டியும் காஸும் பாதியாகக் குறைவதில்லை என்பதுதான்.

அடிக்கடி வாங்கும் பதினைந்து பேருக்கு மட்டும் வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முதல் நாளே தனித்தனியாகக் குரல்செய்தி அனுப்பினேன். எல்லோரோடும் சேர்த்துச் சொல்லப்படுவதைத்தான் பழைய ஆட்கள் அவமதிப்பாக எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். களுவாஞ்சிக்குடியில் உள்ள டீச்சர் ஒருவர் "அது சரி புள்ள, முட்டை விக்கிற விலைக்கு நீங்க இவ்வளவு நாளும் தாக்குப்பிடிச்சதே பெரிசு" என்றார். காத்தான்குடி ஆச்சி ஒருவர் "எனக்கு மட்டும் பழைய விலைக்குத் தாங்க மகள்" என்று கேட்டார். அங்கேதான் தடுமாற்றம் வரும். ஒருவருக்குக் குறைத்தால் அவருடைய அயலவருக்கு மறுநாளே தெரிந்துவிடும். நான் விலையைக் குறைக்கவில்லை, அவருடைய பேரனின் பிறந்தநாள் கேக்கோடு நாலு கப் கேக் வைத்துக் கொடுத்தேன்.

தேநீர்க்கடைக்குத் துண்டுக் கேக் கொடுப்பவராக இருந்தால், கடைக்காரரிடம் இன்னும் முந்தி, நேரில் போய்ச் சொல்லுங்கள். துண்டு ஒன்றை அவர் தன் இலாபத்தையும் சேர்த்து விற்பவர், அவருடைய வாடிக்கையாளருக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். நான் இதைத் தவறவிட்டேன், என்னிடம் எடுத்த கடைக்காரர் இரண்டு கிழமை எடுக்காமல் விட்டுத்தான் திரும்பி வந்தார்.

விலையைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பட்டரில் பாதியை மாஜரினாக மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். மாஜரின் கேக் வாயில் பட்டர்போல் கரையாமல் அண்ணத்தில் பிசுபிசுப்பாக ஒட்டும், வாசமும் மாறும். மூன்று வருடமாக உங்களுடைய கேக்கைத் தின்பவருக்கு முதல் துண்டிலேயே அது தெரிந்துவிடும், காரணம் கேட்காமலே போய்விடுவார். மலிவான கேக் தேவையென்றால் அதை மாஜரின் கேக் என்றே பெயர் சொல்லித் தனியாக விற்கலாம்.

ஆட்கள் போனார்களா என்பதை முதல் மாதத்திலேயே முடிவுகட்டிவிட முடியாது. கிழமைக்கு ஒருமுறை வாங்குபவர்கள் மூன்று வாரத்தில் உண்மையைக் காட்டிவிடுவார்கள். பிறந்தநாளுக்கு மட்டும் வாங்குபவர் திரும்பி வருவாரா என்று தெரிய ஒரு வருடம் ஆகும். என்னிடம் செப்டம்பரில் 33 கேக் போனது, நவம்பரில் 37.

கடைசியாக, நான் பட்ட ஒரு பாடு. முகநூலில் பழைய விலைப் பட்டியலின் படம் ஒன்று அழிபடாமல் கிடந்தது. ஒக்டோபரில் ஒருவர் அதைக் காட்டி 1,800க்குக் கேட்டார். பிழை என்னுடையது என்பதால் அந்த விலைக்கே கொடுத்துவிட்டு, அன்றிரவே உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் தேடித் தேடி அழித்தேன்.