சப் மீட்டருக்கும் பில்லுக்கும் 90 யூனிட் வித்தியாசம்

"டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரே மின் இணைப்பில் மூன்று குடும்பம். சப் மீட்டர்கள் 110, 180, 240; பில்லில் 620. மிச்ச 90 யாருக்கு? நிலையான கட்டணம் யாருக்கு?"

இரண்டையும் சமமாக மூன்றாகப் பிரியுங்கள், சொந்த யூனிட் மட்டும் ரீடிங்படி. வரி சேர்த்து யூனிட் 3 ரேண்ட், நிலையான கட்டணம் 240 என்று வைத்தால் 110 வீட்டுக்கு 30 சேர்த்து 140 யூனிட், 420 ரேண்ட், அதோடு 80, ஆக 500. மற்றவர்களுக்கு 710, 890. கூட்டினால் பில் தொகை 2100 சரியாக வரும். நிலையான கட்டணத்தை யூனிட்படி பிரிக்காதீர்கள், ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் இணைப்பு இருக்கிறதே.

ஆனால் 90 முழுக்க கேட் மோட்டாரும் நடை விளக்கும்தானா? பெரும்பாலும் தேதிதான் காரணம்: பில் ரீடிங் எடுத்த நாளில் நீங்கள் சப் மீட்டரைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அல்லது பில்லில் இருப்பது மதிப்பீட்டு ரீடிங்.

இரவில் நடை விளக்கு எரியும்போது மூன்று வீட்டு மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு பிரதான மீட்டரின் சிவப்பு விளக்கை 10 நிமிடம் எண்ணுங்கள். மீட்டரில் `1000 imp/kWh` என்றிருந்தால், சுமார் 20 சிமிட்டல் என்பது இரவும் பகலும் அதே வேகத்தில் ஓடினால் மாதம் 90 யூனிட்; விளக்கு இரவில் மட்டும் எரிந்தால் அதைவிடக் குறையும். 20-ஐ விட மிக வேகமாகச் சிமிட்டினால், யாருடைய கீசரோ பின்னறையோ சப் மீட்டருக்கு முன்னாலேயே இணைந்திருக்கலாம், அப்போது சமமாகப் பிரிப்பது நியாயமில்லை, எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் அந்த ஒயரை மாற்றுங்கள்.