பதினான்கு வரியில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். தஞ்சாவூரில் பெரிய ஆலைகளுக்கு பயோடேட்டா அனுப்பினேன், ஒருவரும் கூப்பிடவில்லை. நெல் வரவு பதிவு, எடைக்கு முன் குத்தூசியால் நெல் எடுத்து ஈரப்பதம் பார்ப்பது, சாக்கு இருப்பு, கூலிப் பட்டுவாடா என்று பதினான்கு வரி எழுதியிருக்கிறேன். செய்த வேலையைத்தானே எழுத முடியும்? முதலாளி நல்லவர். இப்போதெல்லாம் லாரிக்காரர்கள் காத்திருப்புக் காசு கேட்டு நிற்பதில்லை என்று அவருக்கும் நிம்மதி. ‘நான் செய்தேன்’ என்று எழுதினால் பெருமையடிப்பதாகாதா என்கிறார் மாமியார்.

பதில்: லாரிக்காரர் ஏன் காசு கேட்டு நிற்பதில்லை, அம்மா? தானாகவா நின்றது? பதினான்கு வரியில் இரண்டாவதை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். விடை அங்கேயே இருக்கிறது. ஆனால் ஒன்றை வேலைப் பட்டியலிலும் இன்னொன்றை முதலாளி புராணத்திலும் எழுதிவிட்டு, எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை வரும்போது பனியிலும் மழையிலும் நெல் ஈரமாகத்தான் இருக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். தனியார் ஆலையில் அதற்கு மேல் இருந்தால் விலையைக் குறைப்பார்கள். சாக்கை இறக்கிய பிறகு ஈரம் பார்த்தால் அங்கேதான் தகராறு. வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டார், லாரி வாசலில் நிற்கும், வாடகை ஏறும். எடை மேடைக்கு முன்பே பார்த்துவிட்டால் பேச்சு வாசலிலேயே முடிந்துவிடும். அந்த முறை நீங்கள் வந்த பிறகுதான் தொடங்கியதா? ஆமென்றால் அது உங்கள் வேலையின் பலன், அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். ‘ஈரப்பதம் பார்ப்பது’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தெரிவது உங்கள் கையில் மீட்டர் இருந்தது என்பது மட்டும்தான்.

எண் வேண்டும். பழைய ரொக்கக் கணக்கில் காத்திருப்பு வாடகை வவுச்சர்களை எடுங்கள். முறை மாறுவதற்கு முந்தைய தை, மாசியையும் அடுத்த வருடத்துத் தை, மாசியையும் ஒப்பிடுங்கள். குறுவையோடு சம்பாவை ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும், ஏனென்றால் லோடும் வேறு, ஈரமும் வேறு. மொத்தத்தையும் அப்படியே போடாதீர்கள். பேச்சுக்கு, அப்போது 120 லோடில் 42-க்குக் காத்திருப்புக் கொடுத்தார்கள், பிறகு 150 லோடில் 6-க்கு என்று வைப்போம். நூற்றுக்கு 35 என்பது 4 ஆகிறது. அப்புறம் இப்படி எழுதலாம்:

“அரிசி ஆலையில் நெல் வரவு, இருப்பு, பட்டுவாடாவில் 6 வருட அனுபவம். எடைக்கு முன்பே ஈரப்பதம் பார்க்கும் முறையைத் தொடங்கி, சம்பா பருவத்தில் காத்திருப்பு வாடகை கொடுத்த லோடுகளை நூற்றுக்கு 35-லிருந்து 4 ஆகக் குறைத்தேன்.”

அதே வருடம் ஆலையில் இன்னொரு எடை மேடை வந்திருந்தால் பெருமை முழுவதும் உங்களுக்கு இல்லை. அப்போது ‘குறைத்தேன்’ என்பதை ‘குறைய உதவினேன்’ என்று மாற்றுங்கள். நேர்முகத்தில் “எப்படி?” என்று கேட்டால் வவுச்சரிலிருந்து கணக்கைச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாத எண்ணை எழுதவே வேண்டாம். வவுச்சர் கிடைக்கவில்லையா? ‘இறக்கிய பின் ஈரம் பார்த்த வழக்கத்தை மாற்றினேன், காத்திருப்பு வாடகைத் தகராறு நின்றது’ என்று எண் இல்லாமலே எழுதலாம். இதே கேள்வியைச் சாக்கு இருப்பு விஷயத்திலும் கேளுங்கள்: நீங்கள் வந்த பிறகு எது குறைந்தது, எது நின்றது? பதில் வந்தால் இரண்டாவது வரி. வராவிட்டால் மற்ற வேலைகளைச் சேர்த்து ஒரே வரியில் முடியுங்கள்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. இல்லாததைச் சொல்வதுதான் பெருமையடிப்பது. வீட்டுக்கு வர வேண்டிய சம்பளத்தை அடக்கம் என்ற பெயரில் விட்டுக்கொடுப்பது எனக்கு நல்ல குணமாகத் தெரியவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அடக்கமா கட்டப்போகிறது?

ஆனால் உப்பிட்டவரை மறக்கவும் கூடாது. ‘முன்பு ஆலையில் ஒரே குளறுபடி’ என்று தஞ்சாவூரில் போய் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு மட்டும் போதும், ரூபாய்த் தொகை அவருடைய வியாபார ரகசியம். இந்த எண்ணை எழுதுகிறேன் என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். புது இடத்தார் விசாரிக்க முதலில் போன் போடுவது அவருக்குத்தான்.