20% வரி, 4% செஸ்: 24% ஏன் வராது?

"மார்த்தாண்டத்துல போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 1,00,000 ரூபாய்க்கு 20% வரி, அதுக்கு 4% செஸ். 24,000 போட்டேன், விடையில 20,800. எப்படி?"

செஸ் வருமானத்து மேல இல்லைங்க, வரி மேல. வரி 20,000, அதுல 4% 800. நீங்க முழு லட்சத்துக்கும் 4% போட்டதால 3,200 கூடிப்போச்சு.

4%னா இருபத்தஞ்சுல ஒரு பங்கு. உங்க கணக்குல 20,000 வரிக்கு 4,000 செஸ், அதாவது அஞ்சுல ஒரு பங்கு. அங்கேயே சந்தேகம் வரணும்.

செஸ் சேர்ந்த 20,800-ஐக் கொடுத்து, வரி மட்டும் எவ்வளவுன்னு திருப்பிக் கேட்டா இன்னும் பலர் வழுக்குவாங்க. 20,800-ல 4% கழிச்சா 19,968 வரும், தப்பு. 1.04-ஆல வகுங்க, சரியா 20,000. நாகர்கோவில் கடை பில்லுல ஜிஎஸ்டி சேர்ந்த விலையைப் பிரிக்கவும் இதே வகுத்தல்தான், 18%னா 1.18. கிடைச்ச விடைக்குத் திரும்ப வரியைப் போட்டுப் பாருங்க, பழைய தொகை வரணும்.