மஞ்சள் விற்ற பணம் 6 லட்சம்: பான் இல்லாமல் வங்கியில் போடலாமா?

கேள்வி (ஜனவரி 2025): என் அப்பா பவானி பக்கம் மூன்று ஏக்கரில் மஞ்சளும் மக்காச்சோளமும் பயிரிடுகிறார். வியாபாரிகள் ரொக்கமாகக் கொடுத்த பணத்தில் 6 லட்சம் ரூபாய் வீட்டில் சேர்ந்திருக்கிறது. அதைச் சேமிப்புக் கணக்கில் போடச் சென்றால் பான் எண் கேட்கிறார்கள். அப்பாவுக்கு பான் இல்லை. "தினமும் 49,000 ஆகப் போடுங்கள், பாதியை மகன் கணக்கில் போடுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படிச் செய்யலாமா? பணம் ஏது என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: இங்கே சொல்பவை 2025 ஜனவரியில் இருந்த விதிகள். அந்த இரண்டு யோசனைகளையும் விட்டுவிடுங்கள். முழுத் தொகையையும் அப்பாவின் கணக்கிலேயே, ஒரே தடவையில், படிவம் 60 எழுதிக் கொடுத்துச் செலுத்துங்கள். பணத்தில் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அதைச் செலுத்தும் விதத்தில்தான் நல்ல பணத்தைச் சந்தேகப் பணமாக்கிவிட முடியும்.

முதலில் வங்கி ஏன் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். வருமான வரி விதி 114பி-யின்படி, ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செலுத்துகிறவர் பான் எண்ணைக் குறிப்பிட வேண்டும். காசோலைக்கோ ஆன்லைன் பரிமாற்றத்துக்கோ இந்தத் தேவை இல்லை. அவை எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்ற தடயம் தானாகவே பதிவாகிவிடுகிறது. ரொக்கத்துக்கு அந்தத் தடயம் கிடையாது. அதை ஓர் ஆளோடு இணைக்கும் நூல்தான் பான் எண். எண்ணைக் கொடுப்பதால் வரி விழுவதில்லை. கவுண்டரில் இருப்பவர் உங்கள் வரியைக் கணக்கிடுவதும் இல்லை. எண்ணைப் பதிவு செய்வதோடு அவர் கடமை முடிகிறது.

பான் இல்லாதவர்களுக்கு அதே விதிகள் ஒரு மாற்று வழி வைத்திருக்கின்றன. அதுதான் படிவம் 60. பெயர், முகவரி, ஆதார், செலுத்தும் தொகை இவற்றோடு ஆண்டு வருமானத்தை இரண்டு வரிகளில் தனித்தனியாக எழுத வேண்டும்: விவசாய வருமானம் ஒன்று, விவசாயம் அல்லாத வருமானம் இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை வெறுமனே விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். வீட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றினால் அந்த வருமானம் இரண்டாவது வரியில்தான் வரும். நிலத்தில் விளைந்ததை விற்பது விவசாய வருமானம், அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை; பால் விற்பது வரிச் சட்டத்தின் பார்வையில் விவசாயம் ஆகாது. விவசாயம் அல்லாத வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் படிவம் 60 செல்லாது, பான் வாங்கியே ஆக வேண்டும். ஒரு நிதியாண்டில் மொத்தம் 20 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்துகிறவருக்கும் அப்படியே. படிவம் 60 கொடுத்துவிட்டால் துறைக்குத் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். அந்த விவரங்களை வங்கி ஆண்டுக்கு இரண்டு முறை வருமான வரித் துறைக்கு அனுப்புகிறது.

இப்போது 49,000 யோசனை. ஆறு லட்சத்தை அப்படிப் பிரித்தால் பாஸ்புக்கில் 13 நாள் ரொக்க வரவு விழும். கடைசி நாள் தவிர மற்றவை எல்லாம் ஒரே தொகை, எல்லாம் வரம்புக்குச் சற்றுக் கீழே. இத்தகைய வரிசையைக் கண்டுபிடிக்கவே வங்கிகளின் கணினி அமைப்புகளில் தனி எச்சரிக்கைகள் உண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, சந்தேகத்துக்குரியது என்று வங்கி கருதினால் தொகை எவ்வளவு சிறியதானாலும் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது. மாறாக, அப்பா 6 லட்சத்தை ஒரே தடவையில் சேமிப்புக் கணக்கில் போட்டால், 10 லட்சம் என்ற ஆண்டு வரம்புக்குக் கீழே இருப்பதால், வங்கி வருமான வரித் துறைக்கு அனுப்பும் பெருந்தொகை ரொக்க அறிக்கையில் அது வரவே வராது. அந்த வரம்பு, ஒரே நபர் அந்த வங்கியில் வைத்திருக்கும் சேமிப்புக் கணக்குகள் அனைத்தையும் கூட்டிப் பார்ப்பது. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தந்திரம் ஒளிக்கத் தேவையில்லாத ஒன்றை ஒளிக்கப் போய், கவனத்தை இழுத்துவரும்.

மகன் கணக்கில் பாதி போடுவது அதைவிட மோசம். தந்தை மகனுக்குத் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 269எஸ்டி என்று ஒன்று இருக்கிறது. ஒரே நபரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பரிவர்த்தனையிலோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக யாரும் பெறக் கூடாது. மீறினால் பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அப்பாவிடம் 3 லட்சத்தை ரொக்கமாக வாங்கி உங்கள் கணக்கில் போட்டால் நீங்கள் அந்தப் பிரிவுக்குள் போய் நிற்கிறீர்கள். பணம் அப்பாவின் கணக்கில் ஏறட்டும். உங்களுக்கு வேண்டியதை அங்கிருந்து காசோலையாகவோ பரிமாற்றமாகவோ அவர் தரட்டும்.

அதே பிரிவு மஞ்சள் விற்பனைக்கும் பொருந்தும் என்பதால் பில்களை எடுத்து ஒருமுறை பாருங்கள். விவசாயி தன் விளைபொருளை வியாபாரிக்கு 2 லட்சத்துக்குக் குறைவான ரொக்கத்துக்கு விற்றால் இந்தத் தடை பொருந்தாது, அந்த விற்பனைக்குப் பான் எண்ணோ படிவம் 60-ஓ தேவையில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 நவம்பரில் 27/2017 எண்ணுள்ள சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒரே பில் 2,40,000 ரூபாய்க்கு இருந்து, வியாபாரி அதை இரண்டு நாளாகப் பிரித்து ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அது ஒரே பரிவர்த்தனைதான், சிக்கல் வரும். அடுத்த அறுவடையிலிருந்து பெரிய பில்லுக்கு வங்கி வழியாகவே பணம் கேளுங்கள்.

இனி, பணம் ஏது என்ற கேள்வி. "விவசாயப் பணம்" என்று வாயால் சொல்வது விளக்கம் ஆகாது. நிலம் இருந்தது, அதில் அந்தப் பயிர் இருந்தது, அது விற்கப்பட்டது, விற்ற பணம் செலவாகாமல் கையில் இருந்தது என்று நான்கு படிகளும் அறுபடாமல் தொடர வேண்டும். முதல் படிக்குப் பட்டாவும் சிட்டாவும், இரண்டாவதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல். இந்த அடங்கலைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பட்டா நிலம் உங்களுடையது என்று மட்டுமே காட்டும். எந்தப் பசலியில் என்ன பயிர் இருந்தது என்பது அடங்கலில்தான் இருக்கும். மூன்றாவதற்கு வியாபாரியின் பில் அல்லது ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது. தேதி, எடை, விலை, அப்பாவின் பெயர் நான்கும் அதில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டு மட்டும் இருந்தால், அந்த வியாபாரியிடமே போய் அவருடைய பேரேட்டில் உள்ளபடி நகல் பில் கேளுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதி வாங்காதீர்கள். வியாபாரியின் கணக்கோடு ஒப்பிட்டால் அது அங்கேயே உடையும்.

நான்காவது படிக்கு ஆவணம் கிடையாது. ஒரு ரொக்க வரவு-செலவுக் கணக்கை நீங்களே எழுத வேண்டும். ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் வீட்டுத் தொகைகளை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1 அன்று கையிருப்பு 60,000. அந்த நிதியாண்டில் மஞ்சளும் மக்காச்சோளமும் விற்றது 3,90,000. விதை, உரம், ஆள் கூலி, குடும்பச் செலவு 1,90,000. ஆண்டு முடிவில் மீதம் 2,60,000. 2024-25இல் மஞ்சள் மூன்று பில்களில் 1,80,000, 1,75,000, 1,55,000, ஆக மொத்தம் 5,10,000. பால் விற்றது 70,000. செலவு 2,20,000. கையிருப்பு 6,20,000. இருபதாயிரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு 6,00,000 செலுத்தப்படுகிறது. ஒரு தாளில் அடங்கிவிடும் கணக்கு இது.

இதை ஓர் அதிகாரி எப்படிப் படிப்பார்? முதலில் விளைச்சலைச் சரிபார்ப்பார். பில்லில் விலை குவிண்டால் 13,000 என்றிருந்தால் 5,10,000 ரூபாய் என்பது சுமார் 39 குவிண்டால் உலர்ந்த மஞ்சள். அடங்கலில் இரண்டு ஏக்கர் மஞ்சள் என்றிருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 20 குவிண்டால் வருகிறது, நம்பக்கூடியது. அரை ஏக்கர் என்றிருந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அடுத்து செலவைப் பார்ப்பார். குடும்பச் செலவே இல்லாமல் வந்ததெல்லாம் மிச்சம் என்று எழுதிய கணக்கை யாரும் நம்புவதில்லை. மூன்றாவது கேள்விதான் பலரைத் திணற வைக்கும்: வீட்டில் இரண்டரை லட்சம் இருந்தபோது நகையை அடகு வைத்து வட்டி கட்டியது ஏன்? வங்கியில் நகைக்கடன் இருந்தால் அந்தத் தேதியையும் உங்கள் கையிருப்பையும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான காரணம் இருந்தால் அதைக் கணக்கின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். மூலத்தை விளக்க முடியாத ரொக்கத்தைப் பிரிவு 69ஏ-யின் கீழ் அந்த ஆண்டின் வருமானமாகச் சேர்க்கலாம். 2016 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின் அதற்கான வரி 60 சதவீதம்; கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் 78 சதவீதம் ஆகிறது. ஆறு லட்சத்தில் 4,68,000 ரூபாய் போய்விடும். வருமான வரியே இல்லாத பணத்துக்கு, ஒரு தாள் எழுதி வைக்காத குற்றத்துக்காக இவ்வளவு இழப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

வங்கியில் இந்தக் கோப்பு முழுவதையும் நீட்ட வேண்டாம். செலுத்துச் சீட்டு, படிவம் 60, அப்பாவின் ஆதார் போதும். பணம் ஏது என்று மேலாளர் கேட்டால், "பவானி வட்டத்தில் எனக்குச் சொந்தமான நிலத்தில் 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் விளைந்த மஞ்சள், மக்காச்சோளத்தை விற்றதிலும் பால் விற்பனையிலும் மிஞ்சிய தொகை" என்று அப்பா கையெழுத்திட்ட கடிதமும் அடங்கல் நகலும் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், அதில் குறித்த தேதிக்குள் மற்ற ஆவணங்களுடன் அந்தப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். பணம் செலுத்திய அன்றே அப்பா சொன்னது என்பதால், பிறகு யோசித்துச் சொன்ன பதில் என்று அதைத் தள்ளுவது கடினம்.